படத்தின் கீழே இவள்

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நலத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அங்கே நீயும் அத்தானும் சிறிசும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசினால் நான்கு வார்த்தைக்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது, அதைக் கேட்டு நீ பதறுகிறாய், நீ பதறுவதைக் கேட்டு நான் அழுகிறேன். கடிதத்தில் மூச்சு வாங்கினாலும் உனக்குக் கேட்காது. அதனால் இனி தபால்காரருக்கு வேலை.

போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். பிரசவத்தோடு தளர்ந்துபோன இதயம் இப்போது பரவாயில்லையாம். "இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்மா. அடுத்த ஸ்கேன் பாத்துட்டு, குழந்தையைத் தூக்கலாமா வேண்டாமான்னு சொல்றேன்" என்றார் டாக்டர். இப்போது பெரிசைக்கூட நான் தூக்குவதில்லை. உட்கார்ந்துகொண்டு மடியை விரிக்கிறேன், அவளாக ஏறி வருகிறாள், அவளாக இறங்கிப் போகிறாள். வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக், மகளுக்கு ஏறி இறங்கும் வேலையைக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பதினான்கு நம் இரட்டைகள் இரண்டு பேருக்கும் முதல் பிறந்தநாள். போட்டோ எடுத்து அட்டையில் அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஆசை. படத்தின் கீழே ஒரு தலைப்பு வேண்டும். இவர் "டபுள் சந்தோஷம்" போடலாம் என்கிறார். நாத்தனார் "ஒரு கொடியில் இரு மலர்கள்" என்கிறாள், ஒரே மாதிரி இரண்டு கவுனும் வாங்கி வைத்துவிட்டாள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. பத்திரிகை ஆபீசில் இத்தனை வருடமாகப் படங்களுக்குக் கீழே எழுதிக்கொண்டிருப்பவள் நீதானே, நீ சொல்.

சிறிசை மூன்று மாதக் குழந்தையாக உன்னிடம் கொடுத்தது. பிறந்தநாளுக்கு முன்னால் கூட்டி வந்துவிடுவாய்தானே?

அத்தானுக்கு என் வணக்கம்.
அன்புடன்,
உன் வாலு

•

மார்ச் 1

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பார்த்து நிம்மதி. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அத்தானுக்கு முழங்கால் வலி, அதைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் அதுவும் பறந்துவிடும்.

முதலில் ஒரு திருத்தம். தலைப்பு என்பது செய்திக்கு மேலே இருப்பது. நீ கேட்பது படக்குறிப்பு. தலைப்பு கூவலாம், படக்குறிப்பு கூவக்கூடாது. படம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும், படத்தால் சொல்ல முடியாத ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்வதுதான் குறிப்பின் வேலை.

"இரு மலர்கள்" ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டாயே. அதில் இரண்டு என்ற எண்ணிக்கையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. உலகத்தில் உள்ள எந்த இரட்டைக் குழந்தைகளின் படத்துக்குக் கீழேயும் அதை ஒட்டலாம். எங்கள் ஆபீசில் இப்படி எழுதிக் கொடுத்தால், "இது எந்தக் குளத்துத் தண்ணி?" என்று கேட்பேன்.

ஒரே வரியை இரண்டு பேருக்கும் போர்த்தாதே. ஆளுக்கு ஒரு படம், ஆளுக்கு ஒரு வரி. எழுதியபின் இரண்டு சோதனை வை. ஒரு படத்தையும் அதன் வரியையும் கையால் மூடு. மிச்சம் இருக்கும் வரி தானாக நிற்கிறதா, இல்லை மூடிய பக்கத்தைத் தேடுகிறதா என்று பார். அடுத்து, இரண்டு வரிகளையும் இடம் மாற்றிப் போடு. மாற்றிப் போட்டும் பொருந்தினால் அந்த வரி யாரைப் பற்றியதும் இல்லை, கிழித்துப் போடு.

"சமத்து", "சுட்டி" என்று எழுதாதே. அது தீர்ப்பு. ஒன்றுக்குச் சமத்து என்று பட்டம் கட்டினால் மற்றது தானாகச் சுட்டி ஆகிவிடும், கல்யாண வயதிலும் அந்தப் பட்டம் உரியாது. அவள் என்ன மாதிரி என்று சொல்லாதே, என்ன செய்கிறாள் என்று சொல். பெரிசு, சிறிசு என்று கூப்பிடுவதே ஒரு தராசுதான். சிறிசு இல்லாமல் பெரிசுக்கு என்ன அர்த்தம்?

பம்பரத்துக்குப் பசி வந்துவிட்டது, கத்துகிறாள். இத்தோடு நிறுத்துகிறேன். மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

•

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பெரிசுக்கு மேலே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. அத்தானின் முழங்காலைப் பற்றி விசாரித்ததாகச் சொல், ஒரு மணி நேரம் உனக்கு விடுதலை.

உன் சோதனையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தபோது நான் தினமும் செய்தது அது. ஒரு கண்ணைத் தட்டால் மறைத்துத்தான் மற்ற கண்ணை அளப்போம். ஆனால் என் பிழைப்பே ஒப்பிடுவது. "இதுல தெளிவா தெரியுதா, அதுலயா?" என்று கேட்டுக் கேட்டே நாக்கு தேய்ந்தவள். எனக்குப் போய் ஒப்பிடாமல் எழுது என்றால்?

இருந்தாலும் முயன்று பார்த்தேன்.

"பெரியவள் பொறுமைசாலி. சிறியவளோ துறுதுறு."

"அக்கா தவழ்கிறாள். தங்கையும் தவழ்கிறாள்."

இரண்டாவதை எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். சிறிசு தவழ்கிறாளா, அக்கா? நீ எழுதவே இல்லையே.

இன்னொரு கேள்வி. யார் அந்தப் பம்பரம்? பக்கத்து வீட்டுப் பூனையா?

ஜூன் பற்றிக் கேட்டிருந்தேன். இரண்டு பக்கக் கடிதத்தில் அதற்கு மட்டும் உனக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுதினால் இவர் லீவு சொல்லிவிடுவார்.

அன்புடன்,
உன் வாலு

•

ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. குழந்தைக்குப் பல் காய்ச்சல். இப்போது சரியாகிவிட்டது, கவலைப்படாதே. நீ எப்படி இருக்கிறாய்? கால் வீக்கம் வடிந்ததா?

பம்பரம் உன் மகள்தான். பெயர் வைக்க வேண்டும் என்று வைக்கவில்லை, அதுவாக ஒட்டிக்கொண்டது. இவள் தவழ்வதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கையை ஊன்றி, மற்ற கையால் தள்ளி, ஒரு முழுச் சுற்று சுற்றுகிறாள். "தரையில அச்சாணி போட்டு மாட்டின மாதிரி இருக்கா" என்கிறார் அத்தான். மேசை முனைகளுக்கெல்லாம் பழைய டயர் ரப்பரை வெட்டி ஒட்டியிருக்கிறார். எங்கள் பையன் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து பூட்டியே கிடந்த அறையைத் திறந்து வெள்ளையடித்திருக்கிறோம். காலையில் அந்த ஜன்னல் வெளிச்சம் தரையில் விழும், இவள் அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு வெளிச்சத்தைக் கையால் தட்டிப் பார்ப்பாள். நான் ஆபீஸ் கிளம்பினால் வாசல்வரை பார்வையாலேயே வழியனுப்புவாள். இப்போது உடம்பும் தேறிவிட்டது, சிறிசு என்று கூப்பிட்டால் ஊர் சிரிக்கும்.

உன் வரிகளுக்கு வருகிறேன். "சிறியவளோ" என்று ஒரு ஓகாரம் போட்டாயே, அந்த ஓர் எழுத்துதான் தராசின் முள். அதைப் போட்ட உடனேயே படிப்பவன் இரண்டு பேரையும் எடை போடத் தொடங்கிவிடுவான். "தங்கையும் தவழ்கிறாள்" என்பது அதைவிட மோசம். அந்த 'உம்' அவளை வண்டியின் பின்னால் கட்டி இழுக்கிறது. முதலில் ஒருத்தி செய்தாள், பின்னால் இவளும். 'ஓ', 'உம்', 'விட', 'ஆனால்', 'மற்றவள்' இந்த ஐந்தும் எங்கே வந்தாலும் அடித்துவிடு. மூத்தவள் இளையவள் என்பதும் வேண்டாம், சில நிமிட வித்தியாசத்துக்கு ஆயுள் முழுக்கப் பதவியா? இரண்டு வரியும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கவும் கூடாது. ஒருத்திக்கு எதைச் சொல்ல இருக்கிறதோ அதைச் சொல். எழுத்தின் அளவு மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்று தோன்றியது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே இவளை யாரும் யாரோடும் ஒப்பிடுவதில்லை. பல் எப்போது வந்தது, அவளுக்கு வந்துவிட்டதே என்று கேட்க ஆள் இல்லை. ஒரே வீட்டில் இரண்டையும் வைத்தால் நாத்தனார் முதல் பால்காரர் வரை தராசோடுதான் வருவார்கள். தனித்தனி ஆளாக வளர வேண்டும் என்றுதானே நீயும் நினைக்கிறாய். இரண்டு வயது வரைக்கும் இங்கேயே இருக்கட்டுமே. உன் உடம்பும் முழுதாகத் தேறிவிடும். யோசித்துப் பார்.

உன் அக்கா

•

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருங்கள்.

கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு கண்ணையும் தனியாக அளப்பது, கடைசியில் இரண்டையும் சேர்த்துத் திறந்து வைக்கத்தான். தனியாக அளந்தாகிவிட்டது என்று ஒரு கண்ணை வேறு ஊருக்கு அனுப்பி வைப்பதில்லை. இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு. மூக்கு ஒன்றுதான்.

உன் மகனை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தபோது மூன்று நாள் நீ சாப்பிடவில்லை. அவனுக்கு அப்போது பதினாறு வயது. என் பிள்ளைக்கு மூன்று மாதம்.

நீ செய்த உதவியை மறக்கவில்லை. மறந்தால் நான் மனுஷி இல்லை. ஆனால் உதவி வேறு, இது வேறு.

படக்குறிப்பு வேண்டாம். ஸ்டூடியோக்காரர் ஒன்று வைத்திருக்கிறார், அதையே போட்டுக்கொள்கிறேன்.

உன் தங்கை

•

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பதில் இல்லை. போன கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவதற்குள்ளேயே திரும்ப எடுக்க முடியாதா என்று இருந்தது. சொன்னது தப்பில்லை, சொன்ன விதம்தான் சுருக்கென்று இருந்துவிட்டது. நீ கோபப்பட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய், அது எனக்குத் தெரியும். நேரில் இருந்தால் சிரிக்க வைத்துவிடுவேன், தபாலில் எப்படிச் சிரிக்க வைப்பது?

ஸ்கேன் ஆகிவிட்டது. "தாராளமா தூக்குங்கம்மா. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் பெரிசைத் தூக்கினேன். அவள் என் முகத்தைப் பக்கத்தில் பார்த்துவிட்டு மிரண்டுபோனாள். இத்தனை உயரத்தில் என்னைப் பார்த்ததே இல்லை.

ஸ்டூடியோவுக்குப் போனேன். அவர் ஒரு பைல் நிறைய வரிகள் வைத்திருக்கிறார். "ட்வின்ஸுக்குன்னே தனி பக்கம் இருக்கு மேடம். எல்லாருக்கும் இதான் போடறோம், யாரும் குறை சொன்னதில்ல" என்றார். ரெட்டைக் கிளி, ரெட்டை நிலா, ரெட்டைப் பரிசு. புரட்டப் புரட்ட உன் குரல்தான் கேட்டது, எந்தக் குளத்துத் தண்ணி என்று. பைலை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

நானே எழுதினேன். முதல் வரி ஒரே மூச்சில் வந்தது. பெரிசுக்கு மூடி என்றால் உயிர். டப்பா, பாட்டில், அலமாரிக் கதவு, எது திறந்திருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. இவர் கொட்டாவி விட்டால்கூட எட்டி வந்து வாயைப் பொத்துகிறாள். அதனால் இப்படி:

"இவள் இருக்கும் வீட்டில் எதுவும் திறந்து கிடக்காது."

மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வேறு யாருக்கும் பொருந்தாது. சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது வரிக்கு நான்கு நாள் உட்கார்ந்தேன். வந்தது இது:

"அவள் எங்கள் கண்ணின் மணி."

எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். எனக்கே தெரிகிறது. நீ எழுதிய ஒரு பத்தி இருக்கிறது, பம்பரம், ஜன்னல் வெளிச்சம் எல்லாம். அதைத் திருடி எழுதலாம். ஆனால் நான் பார்க்கவில்லையே, அக்கா. பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்ல என்னிடம் சொந்தமாக ஒரு வரி இல்லை. இதை எழுதும்போது அழுகிறேன், உனக்குக் கேட்காது என்பதால் சொல்கிறேன்.

அந்த இரண்டாவது வரியை நீயே எழுதி அனுப்பு. அவளைத் தெரிந்தவள் நீதான்.

அத்தானுக்கு வணக்கம்.
உன் வாலு

•

மே 14

அன்புத் தங்கைக்கு,

டாக்டர் சொன்னதைப் படித்து அத்தான் உடனே சாமி படத்துக்குக் கை கூப்பினார், எனக்கும் கண் நிறைந்தது. இங்கே மூன்று பேரும் சௌக்கியம்.

உன் ஏப்ரல் கடிதத்துக்கு நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான் சொல்வதுதான் சரி என்று இருந்தது. அதனால்தான் கிழித்தேன்.

இப்போது ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவோடு உன் வரிகளைப் பார்க்கிறேன். முதல் வரி பிரமாதம். ஒரு எழுத்தைத் தொட மாட்டேன். அவள் எதைச் செய்கிறாள் என்று இருக்கிறது, எப்படிப்பட்டவள் என்பதைப் படிப்பவர் தாமாகத் தெரிந்துகொள்வார். கையால் மூடிப் பார்த்தேன், தனியாக நிற்கிறது.

இரண்டாவது வரியில் கண்ணின் மணியைப் பிறகு பார்க்கலாம். முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. முதல் வரியில் "இவள்" போட்டிருக்கிறாய், இரண்டாவதில் "அவள்" போட்டிருக்கிறாய். தெரிந்து போட்டாயா, கை தானாகப் போட்டதா? கை தானாகத்தான் போட்டிருக்கும். உன் மடியில் ஏறுகிறவள் இவள், ரயில் ஏறிப் போனவள் அவள்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்லித்தருவது இது. படத்தின் கீழே அவன், அவள், அங்கே, அப்போது எதுவும் வராது. படத்தில் இருப்பவர் படிப்பவரின் கண் முன்னால் இருக்கிறார். அதனால் எப்போதும் இவர், இவள், இங்கே. "அவள்" என்று போட்டால் படத்தில் இல்லாத யாரையோ சொல்வதாக ஆகிவிடும்.

அந்தச் சொல்லை அடித்து மேலே "இவள்" என்று திருத்தினேன். இப்படி ஆயிரம் தடவை திருத்தியிருப்பேன். இந்தத் தடவை திருத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற தாய் தன் பிள்ளையை "அவள்" என்று எழுதுகிறாள், அதைத் திருத்துகிறவள் வீட்டில் அந்தப் பிள்ளை தூங்குகிறாள். அதன்பின் என் ஏப்ரல் கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். பத்திக்குப் பத்தி "இவள்", "இவள்" என்று எழுதியிருப்பேன். எனக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று உனக்குச் சொல்ல முடியாது.

பேனாவால் திருத்தினால் போதாது. இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி காலை ரயிலில் வருகிறோம். பிறந்தநாளுக்கு முன்னால் உனக்குக் கொஞ்ச நாள் வேண்டும், அதனால்தான் அவசரம்.

இரண்டாவது வரியை நான் எழுதித் தர மாட்டேன். என்னிடம் நாற்பது வரி இருக்கிறது, ஒன்றுகூடத் தர மாட்டேன். நீ பார்த்து எழுது. வரி வராமல் இருப்பது உனக்குத் தெரியாததால்தான், பாசம் இல்லாததால் இல்லை. பார்த்தால் வந்துவிடும்.

அவளுக்கு வெந்நீரில் குளிப்பது பிடிக்காது, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். தூங்கும்போது ஒரு காலை வெளியே நீட்டுவாள், போர்த்தினால் உதைப்பாள், விட்டுவிடு.

உன் அக்கா

•

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகத் தந்த செய்தி கிடைத்தது. எல்லோரும் நலம். இனி அந்த எல்லோரில் யாரும் பாக்கி இல்லை.

மூன்று நாள் இருந்துவிட்டு நீ சொல்லாமல் கிளம்பியது சரிதான், அவள் தூங்கும்போது. எழுந்ததும் என்னைப் பார்த்து வீறிட்டாள். தூக்கினேன், முதுகை வில்லாக வளைத்தாள். "உங்க அக்காவுக்குப் போன் பண்ணி வரச் சொல்லவா?" என்றார் இவர். வேண்டாம் என்றேன். அவளைக் கீழே விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன், அழுதால் அழட்டும், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று. அவளோடு நானும் அழுதேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததும் ஓடிக் கட்டிக்கொள்வார்கள் என்று நாத்தனார் கைக்குட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். நீதான் பார்த்தாயே, ஒன்றும் நடக்கவில்லை. ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவர்களைப் போல இருந்தார்கள். நீ கிளம்பிய இரண்டாம் நாள் மூடிக்காரி ஒரு டப்பா மூடியோடு வந்து நின்று, பம்பரம் வாயைத் திறந்து அழுவதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அந்த மூடியை எடுத்து அவள் வாயில் வைத்து மூடினாள். பம்பரம் அழுகையை நிறுத்திவிட்டு மூடியை வாங்கிக் கடித்தாள். அவ்வளவுதான், அறிமுகம் முடிந்தது.

நாத்தனார் கொண்டுவந்த ஒரே மாதிரிக் கவுன்களில் ஒன்று பம்பரத்துக்குப் பற்றவில்லை. உன் வீட்டுச் சோறு. "அய்யோ, செட்டு போச்சே" என்றாள். செட்டு போனால் போகட்டும், பிள்ளை இருக்கிறாள் என்றேன். சிரித்துவிட்டாள், பாவம், நல்லவள்தான். இப்போது வீட்டில் யாரும் பெரிசு, சிறிசு என்று கூப்பிடுவதில்லை. தப்பிக் கூப்பிட்டால் இவர் என்னைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

வரி கிடைத்துவிட்டது, அக்கா. அவள் சும்மா சுற்றவில்லை. ஒரு வாரம் பார்த்த பிறகுதான் புரிந்தது. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தால் வாயைத் திறக்க மாட்டாள். முதலில் ஒரு முழுச் சுற்று. சுற்றும்போது ஒவ்வொரு முகத்திலும் கொஞ்சம் நிற்கிறாள். இவர், மூடிக்காரி, நான், வாசல் கதவு. கதவில்தான் அதிக நேரம். பிறகு திரும்பி வந்து வாயைத் திறக்கிறாள். எழுதினேன்:

"இவள், அறையில் உள்ள எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் சாப்பிடத் தொடங்குவாள்."

கதவில் யாரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதைப் படத்தின் கீழே போடவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஸ்டூடியோவில் ஒரு கூத்து. இரண்டு படத்தையும் ஒரே அட்டையில் போட்டால் இடது பக்கம் யார் என்று கேள்வி வந்தது. முதலில் படிக்கப்படுகிறவள் முதல் ஆளாகிவிடுவாளே. "அப்ப தனித்தனி அட்டையாவே போட்ருவோம் மேடம், ஆளுக்கு ஒண்ணு" என்றார் ஸ்டூடியோக்காரர். அவர் வாயாலேயே வந்துவிட்டது. இரண்டு அட்டை, இரண்டு கவர். பின்பக்கம் தேதி மட்டும். பம்பரத்தின் வரி கொஞ்சம் நீளம் என்று எழுத்தைச் சிறிதாக்கப் பார்த்தார், விடவில்லை. இரண்டு வரியாக மடக்கி, அதே அளவில் போட வைத்தேன்.

மூச்சு வாங்காமல் இரண்டு பேரையும் கைக்கு ஒருத்தியாகத் தூக்கிப் பார்த்தேன், அரை நிமிடம். டாக்டரிடம் சொல்லாதே.

பிறந்தநாளுக்கு நீ வரவில்லை என்று சொல்லிவிட்டாய். இப்போது நீ வந்து திரும்பினால் அவளுக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம் என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாய். நான் வற்புறுத்தவில்லை, அதற்காக வருத்தம் இல்லை என்று நினைக்காதே.

இரண்டு கவரும் தனியாக வரும்.

உன் வாலு

•

ஜூன் 27

அன்புத் தங்கைக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மூடிக்காரி எப்படி இருக்கிறாள், புதிதாக எதை மூடினாள்? பம்பரம் எப்படி இருக்கிறாள், அவள் நன்றாகச் சாப்பிடுகிறாளா? மூன்று கேள்விக்கும் மூன்று பதில் வேண்டும், எல்லோரும் நலம் என்று ஒரே போர்வையாகப் போர்த்தாதே.

இரண்டு கவரும் வெவ்வேறு நாளில் வந்தன. முதலில் மூடிக்காரி வந்தாள். ஒரு நாள் முழுக்க அவளோடு மட்டும் இருந்தேன். இத்தனை நாளில் அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. அவளுக்கும் நான் பெரியம்மாதான். யாருக்கு அக்கா, யாருக்குத் தங்கை என்று நினைக்காமல் பார்த்தால் அவளுக்குக் கன்னத்தில் உன் குழி. என் வேலையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, எனக்கே நீ செய்து காட்டினாய்.

அடுத்த நாள் பம்பரம். அவள் வரியைப் படித்தேன். என்னிடம் இருந்த நாற்பதில் இது இல்லை. சுற்றும்போது அவள் எல்லோரையும் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இங்கே இருந்தது நானும் அத்தானும் மட்டும்தான், பார்க்க வேறு ஆள் இல்லையே. அந்த வரியை எழுத அத்தனை பேர் உள்ள வீடு வேண்டியிருந்திருக்கிறது.

பிழை ஒன்றும் இல்லை. ஒரு காற்புள்ளிகூட மாற்றமாட்டேன்.

அத்தான் இரண்டு அட்டையையும் அந்த அறையில் வெவ்வேறு சுவரில் மாட்டியிருக்கிறார். மேசை முனையில் ஒட்டிய ரப்பரைப் பிய்க்கலாமா என்று கேட்டார். "இருக்கட்டும், ரெண்டு பேரும் லீவுக்கு வருவாங்க" என்றேன். அறையைப் பூட்டவில்லை. காலையில் ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுகிறது, நான் ஆபீஸ் கிளம்பும்போது அதைத் தாண்டித்தான் போகிறேன்.

இந்தக் கடிதத்தில் மூன்று இடத்தில் அடித்தல் இருக்கும், பார்த்திருப்பாய். இவ்வளவு வருட வேலையில் என் கை இப்படிப் பிழை செய்ததில்லை. பம்பரத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் "இவள்" என்றே எழுதிவிட்டுத் திருத்தியிருக்கிறேன். படத்தின் கீழே எப்போதும் இவள்தான். கடிதத்தில் அவள். பழகிவிடும்.

அவள் கதவைப் பார்ப்பதை நிறுத்திய பிறகு எனக்கு எழுது. அன்றைக்குக் கிளம்பி வருகிறேன்.

உன் அக்கா